ஒரு பக்கத்தின் படம், ஒரு வளைவரை, மூன்று விடைகள்

நம்மிடம் படித்து முடித்து, பொறியியல் அல்லது அறிவியல் பட்டப்படிப்பில் சேரும் மாணவர்களுக்குக் கணக்கில் சந்தேகம் வந்தால், புத்தகத்தை எடுத்துக்கொண்டு நம்மைத் தேடி வருவதில்லை. பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பிவிடுகிறார்கள். அப்படிப் பலமுறை எனக்கு வந்த ஒரு வகைக் கணக்கைப் பற்றியே இந்தக் கட்டுரை. துருவ ஆயங்களில் தரப்பட்ட ஒரு வளைவரைக்குள் அடங்கும் பரப்பைக் காணும் கணக்கு அது. இங்கே எடுத்துக்கொள்ளும் வளைவரை r = 1 + 2 cos θ.

ஒரு முன்னாள் மாணவி அனுப்பிய படத்தில் இந்தக் கணக்குக்கு 3π என்ற விடை அச்சாகியிருந்தது. அவர் தானே போட்டுப் பார்த்தபோது கிடைத்த விடை சுமார் 8.88. தோழி ஒருவருக்குக் கிடைத்ததோ சுமார் 8.34. "சார், மூணு பேருக்கு மூணு விடை வருது. அச்சுல இருக்கிறது தப்பா இருக்குமா?" என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. 3π என்பது சுமார் 9.42. மூன்று எண்களும் ஒன்றுக்கொன்று அருகில் இருப்பதால், எங்கோ கூட்டலில் சறுக்கியிருக்கிறது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் மூன்றிலும் கூட்டல் சரியாகவே இருக்கிறது. ஒவ்வொன்றும் வேறொரு பரப்பை அளக்கிறது. எது எதை அளக்கிறது என்று பிரித்துக் காட்டினால் கணக்கு தெளிவாகிவிடும்.

முதலில் படத்தைச் சரியாக வாசிப்போம்

கைப்பேசிப் படத்தில் பெரிதாகத் தவறிப்போவது சின்ன எழுத்துகள்தான். cos-க்கு முன்னால் உள்ள 2 மங்கிப்போகலாம். 2 cos θ என்பது cos 2θ போலத் தெரியலாம். கூட்டல் குறி கழித்தல் குறியாகத் தோன்றலாம். பக்கத்தின் ஓரம் வெட்டுப்பட்டால் வினாவின் கடைசிச் சொற்கள் காணாமல் போகும். ஆகவே, கணக்கைத் தொடுவதற்கு முன் சமன்பாட்டை நாம் சரியாகத்தான் வாசித்திருக்கிறோமா என்று பார்த்துவிட வேண்டும்.

இதற்கு அந்தப் பக்கத்தில் உள்ள வரைபடமே உதவும். துருவ ஆயங்களில் ஒரு புள்ளியைக் குறிக்க இரண்டு செய்திகள் போதும். எந்தத் திசையில் பார்க்கிறோம் என்பது θ. அந்தத் திசையில் எவ்வளவு தூரம் செல்கிறோம் என்பது r. நாம் நிற்கும் இடம் துருவம். வழக்கமான வரைபடத்தில் அதுவே ஆதிப்புள்ளி. சமன்பாட்டில் θ-க்கு 0°, 90°, 180° என்ற மூன்று மதிப்புகளை மட்டும் இட்டுப் பார்ப்போம்.

r = 1 + 2 cos θ என்றால் r-இன் மதிப்புகள் முறையே 3, 1, −1. மங்கலில் 2 மறைந்து, அது r = 1 + cos θ என்று வாசிக்கப்பட்டால் மதிப்புகள் 2, 1, 0. r = 1 + cos 2θ என்று வாசிக்கப்பட்டால் 2, 0, 2. மூன்றும் மூன்று வெவ்வேறு உருவங்கள். முதலாவது, தனக்குள்ளே ஒரு சிறிய சுற்றைக் கொண்ட வளைவரை. இரண்டாவது இதய வடிவம். அதில் உள்சுற்று கிடையாது. மூன்றாவதில் வலப்புறம் ஒன்றும் இடப்புறம் ஒன்றுமாக இரண்டு இதழ்கள் இருக்கும். மாணவி அனுப்பிய படத்தில் பெரிய சுற்றுக்குள் ஒரு சிறிய சுற்று தெளிவாகத் தெரிந்தது. எனவே r = 1 + 2 cos θ என்ற வாசிப்பே சரி.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் தேவை. சாய்வாகப் பிடித்த படத்தில் நீளங்களும் கோணங்களும் மாறிவிடும். அத்தகைய படத்தின்மேல் அளவுகோல் வைத்து நீளத்தையோ தொடுகோட்டின் சாய்வையோ அளந்தால் கிடைக்கும் எண்ணை நம்ப முடியாது. ஆனால் எத்தனை சுற்றுகள் இருக்கின்றன, வளைவரை எங்கே தன்னையே வெட்டுகிறது, எந்தச் சுற்று எதற்குள் இருக்கிறது என்பவை சாய்வால் மாறுவதில்லை. படத்திலிருந்து இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அளவுகளைச் சமன்பாட்டிலிருந்து பெறுவதே பாதுகாப்பு.

இந்த வகை வளைவரைக்கு லிமசான் என்று பெயர். பிரெஞ்சு மொழியில் நத்தை என்பது அதன் பொருள். கணித மேதை பிளேஸ் பாஸ்கலின் தந்தை எத்தியென் பாஸ்கலின் பெயரோடு இது சேர்த்துச் சொல்லப்படுகிறது.

r குறை எண்ணாக வந்தால் எங்கே செல்வது?

180°-இல் r = −1 என்று பார்த்தோம். நம் மாணவர்கள் தடுமாறும் முதல் இடம் இதுதான். அதற்குக் காரணமும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் கலப்பெண்ணின் துருவ வடிவத்தைப் படிக்கும்போது r என்பது அந்தக் கலப்பெண்ணின் மட்டு. மட்டு ஒருபோதும் குறை எண்ணாக வராது. அதே r என்ற எழுத்து, அதே θ என்ற எழுத்து. ஆனால் வளைவரைக் கணக்கில் மட்டும் r குறை எண்ணாக வரலாம் என்கிறார்கள். மாணவர் குழம்பாமல் என்ன செய்வார்?

விளையாட்டுத் திடலில் நிற்பதாக வைத்துக்கொண்டு இதை விளக்கலாம். θ சொல்லும் திசையை நோக்கித் திரும்பி நில். r மிகை எண் என்றால் முன்னோக்கி நட. குறை எண் என்றால், முகத்தைத் திருப்பாமல் அதே தூரம் பின்னோக்கி நட. θ = 180° என்றால் இடப்புறம் பார்த்து நிற்கிறோம். r = −1 என்பதால் பின்னோக்கி ஓர் அலகு நடக்கிறோம். அப்படியானால் துருவத்துக்கு வலப்புறம், x அச்சில் 1 என்ற இடத்தில் நிற்போம். உள்சுற்றின் வலக்கோடி அதுதான்.

இப்போது 30° இடைவெளியில் மதிப்புகளை எழுதிக்கொள்வோம்.

| θ | r = 1 + 2 cos θ |
|---|---|
| 0° | 3 |
| 30° | 2.73 |
| 60° | 2 |
| 90° | 1 |
| 120° | 0 |
| 150° | −0.73 |
| 180° | −1 |
| 210° | −0.73 |
| 240° | 0 |
| 270° | 1 |
| 300° | 2 |
| 330° | 2.73 |
| 360° | 3 |

அட்டவணையைக் கண்ணால் பார்த்தாலே கதை புரிந்துவிடும். 0° முதல் 120° வரை r மிகை எண். பெரிய சுற்றின் மேல் பாதி வரையப்படுகிறது. 120°-இல் r பூச்சியமாகிறது. வளைவரை துருவத்தைத் தொடுகிறது. 120° முதல் 240° வரை r குறை எண். நாம் இடப்புறத் திசைகளைப் பார்த்துக்கொண்டு பின்னோக்கி நடப்பதால், வலப்புறத்தில் சிறிய சுற்று வரையப்படுகிறது. 240°-இல் மீண்டும் துருவம். அங்கிருந்து 360° வரை பெரிய சுற்றின் கீழ் பாதி.

சிறிய சுற்று பெரிய சுற்றுக்குள்ளேயே விழுகிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம். மூன்று விடைகளின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

சூத்திரம் எதை அளக்கிறது?

துருவ ஆயங்களில் பரப்பைக் காணும் சூத்திரம் ½ ∫ r² dθ. இது எங்கிருந்து வருகிறது என்பதை எட்டாம் வகுப்புப் பாடத்தைக் கொண்டே சொல்லிவிடலாம். வட்டக்கோணப்பகுதியின் பரப்பு (θ/360°) × πr². கோணத்தை ரேடியனில் எழுதினால் 360° என்பது 2π ஆகும். எனவே பரப்பு (θ/2π) × πr², அதாவது ½ r²θ.

வளைவரையில் r மாறிக்கொண்டே இருப்பதால் முழுக் கோணத்துக்கும் ஒரே வட்டக்கோணப்பகுதியை எடுக்க முடியாது. அதனால் கோணத்தை மிகச் சிறு துண்டுகளாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு துண்டிலும் r ஏறத்தாழ மாறாமல் இருக்கும். பனையோலை விசிறியின் மடிப்புகள்போல ஒல்லியான பல வட்டக்கோணப்பகுதிகள் கிடைக்கும். அவற்றின் பரப்புகளைக் கூட்டினால் மொத்தப் பரப்பு. தொகையிடல் செய்வது அந்தக் கூட்டலைத்தான்.

இந்தச் சூத்திரத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, அதில் இருப்பது r² என்பதால், முன்னோக்கி நடந்தோமா பின்னோக்கி நடந்தோமா என்பது அதற்குத் தெரியாது. r = −1 என்றாலும் r = 1 என்றாலும் அது சேர்ப்பது ஒரே அளவைத்தான். இரண்டாவது, அது கூட்டுவது துருவத்திலிருந்து வளைவரைக்கு இழுத்த கோடு கடந்துசெல்லும் பரப்பை. ஒரே இடத்தை அந்தக் கோடு இரண்டு முறை கடந்தால், சூத்திரம் அந்த இடத்தை இரண்டு முறை சேர்த்துக்கொள்ளும். படத்தில் அந்த இடம் ஒரு முறைதான் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

எளிய வளைவரை ஒன்றில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். r = 2 cos θ என்பது 1 அலகு ஆரமுள்ள வட்டம்; துருவம் அதன் பரிதியில் இருக்கும். அதன் பரப்பு π என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் 0 முதல் 2π வரை தொகையிட்டால் 2π கிடைக்கும், சரியாக இரண்டு மடங்கு. ஏனென்றால் θ 0°-இலிருந்து 180° போவதற்குள் வட்டம் முழுவதும் வரையப்பட்டுவிடுகிறது. மீதி 180°-இல் அதே வட்டம் இன்னொரு முறை வரையப்படுகிறது. 60°-இல் r = 1; 240°-இல் r = −1. 240° திசையைப் பார்த்துப் பின்னோக்கி 1 அலகு நடந்தால், 60° திசையில் 1 அலகு முன்னோக்கி நடந்த அதே இடத்துக்கே வருகிறோம். விடை தெரிந்த வட்டத்தில் முதலில் இதைக் காட்டிவிட்டால், லிமசானில் நடப்பதை மாணவர் தானே ஊகித்துவிடுவார்.

கணக்கைப் போடுவோம்

r² = (1 + 2 cos θ)² = 1 + 4 cos θ + 4 cos² θ. இதில் 4 cos² θ = 2 + 2 cos 2θ என்பதால், r² = 3 + 4 cos θ + 2 cos 2θ. இதைத் தொகையிட்டு ½-ஆல் பெருக்கினால் கிடைப்பது:

F(θ) = ½ (3θ + 4 sin θ + sin 2θ)

இனி எல்லைகளை இட வேண்டியதுதான் மிச்சம். மூன்று விடைகளும் எல்லைகளை வைத்துத்தான் பிரிகின்றன.

முதலில் பெரிய சுற்று. அதன் மேல் பாதி 0 முதல் 2π/3 வரை, அதாவது 0° முதல் 120° வரை. sin 120° = √3/2; sin 240° = −√3/2. எனவே F(2π/3) = ½ (2π + 2√3 − √3/2) = π + 3√3/4. F(0) பூச்சியம். கீழ் பாதியும் இதே அளவு என்பதால், பெரிய சுற்றுக்குள் அடங்கும் முழுப் பரப்பு 2π + 3√3/2. இதன் மதிப்பு சுமார் 8.88.

அடுத்து சிறிய சுற்று. அதில் ஒரு பாதி 2π/3 முதல் π வரை. F(π) = 3π/2. எனவே பாதியின் பரப்பு 3π/2 − π − 3√3/4 = π/2 − 3√3/4. முழுச் சிறிய சுற்றின் பரப்பு π − 3√3/2. இதன் மதிப்பு சுமார் 0.54.

இப்போது இரண்டையும் கூட்டிப் பாருங்கள். 2π + 3√3/2 உடன் π − 3√3/2 சேர்ந்தால் √3 உள்ள உறுப்புகள் நீங்கி 3π மட்டும் நிற்கிறது. 0 முதல் 2π வரை ஒரே மூச்சாகத் தொகையிட்டவருக்குக் கிடைத்தது இதுதான். பெரிய சுற்றுக்குள் சிறிய சுற்றின் இடம் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. அதன்மேல் சிறிய சுற்று மறுபடியும் ஒரு முறை சேர்ந்துவிட்டது.

மூன்று விடைகளையும் இனி இப்படிப் பிரிக்கலாம். வளைவரையால் சூழப்பட்ட முழுப் பரப்பு 8.88, மாணவி போட்டது. பெரிய சுற்றுக்கு உள்ளே, சிறிய சுற்றுக்கு வெளியே உள்ள பரப்பு 8.88 − 0.54, அதாவது π + 3√3, சுமார் 8.34, தோழி போட்டது. அச்சாகியிருந்த 3π, படத்தில் உள்ள எந்தப் பகுதியின் பரப்பும் அல்ல. உள்சுற்று இருமுறை எண்ணப்பட்ட கூட்டுத்தொகை.

மாணவிக்கும் தோழிக்கும் இடையே எது சரி என்பதை வினாவின் சொற்கள்தான் முடிவு செய்ய வேண்டும். "வளைவரைக்குள் அடங்கும் பரப்பு" என்றால் 8.88. "இரு சுற்றுகளுக்கும் இடைப்பட்ட பரப்பு" என்றால் 8.34. படத்தில் வினா வரியின் கடைசிப் பாதி வெட்டுப்பட்டிருந்தது. அதனால் பக்கத்தை முழுவதுமாக இன்னொரு முறை படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். முதல் வகைச் சொற்களே அதில் இருந்தன. வினாவைக் கேட்டு வாங்காமல் விடை சொல்லியிருந்தால், தோழி போட்டதும் மாணவி போட்டதும் சம நிலையில்தான் நின்றிருக்கும்.

கட்டங்களை எண்ணிப் பார்க்கலாம்

அச்சில் இருப்பது தவறு என்று ஆசிரியர் சொன்னால் மட்டும் மாணவர் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. அவரே சோதித்துப் பார்க்கும்படி ஒரு வழி இருந்தால் நல்லது. தொடக்க வகுப்புகளில் ஓர் இலையின் பரப்பைக் காண நாம் கற்றுத்தரும் வழியே இங்கும் போதும். வரைபடத் தாளில் வைத்து வரைந்து, கட்டங்களை எண்ண வேண்டும்.

1 அலகுக்கு 4 செ.மீ. என்று எடுத்துக்கொள்ளலாம். வளைவரை சுமார் 12.5 செ.மீ. அகலமும் சுமார் 14 செ.மீ. உயரமும் கொண்டதாக இருக்கும். வழக்கமான வரைபடத் தாளில் அடங்கிவிடும். துருவத்தைத் தாளின் இடப்பக்கமாகக் குறித்து, கோணமானியால் 30° இடைவெளியில் கோடுகள் இழுக்க வேண்டும். 0° முதல் 120° வரை அளக்க வேண்டிய நீளங்கள் 12, 10.9, 8, 4, 0 செ.மீ. 150° கோட்டில் பின்னோக்கி 2.9 செ.மீ., 180° கோட்டில் பின்னோக்கி 4 செ.மீ. மறுபாதி x அச்சுக்குக் கீழே இதன் பிரதிபலிப்பு. 45°-இல் 9.7 செ.மீ. என்று இன்னொரு புள்ளியும் சேர்த்துக்கொண்டால் பெரிய சுற்றின் வளைவு சீராக வரும்.

இந்த அளவில் ஒரு சதுர அலகு என்பது 16 சதுர செ.மீ. ஆகவே மூன்று விடைகளும் தாளில் எதிர்பார்க்கச் சொல்லும் அளவுகள் இவை: 8.88 சரி என்றால், பெரிய சுற்றுக்குள் சுமார் 142 சதுர செ.மீ. இருக்க வேண்டும். 3π சரி என்றால் சுமார் 151. இரு சுற்றுகளுக்கும் இடைப்பட்ட பகுதி மட்டும் என்றால் சுமார் 133. முழுச் சதுரங்களை எண்ணி, பாதிக்கு மேல் உள்ளவற்றை 1 என்றும், பாதிக்குக் குறைந்தவற்றை 0 என்றும் எடுத்துக்கொண்டால் எண்ணிக்கையில் இரண்டு மூன்று சதுரங்கள் முன்பின் ஆகலாம். ஆனால் விடைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு ஒவ்வொன்றும் 9 சதுரத்துக்கு நெருக்கமானது. அந்த அளவுக்குத் தவற வாய்ப்பில்லை. அந்த 9 சதுரம் எங்கே இருக்கிறது என்று தேடினால், உள்சுற்றுக்குள் அது கிடைக்கும். சிறிய சுற்றை மட்டும் எண்ணிப் பார்த்தால் சுமார் 8.7 சதுர செ.மீ. வரும்.

1 அலகுக்கு 2 செ.மீ. என்று சிறிதாக வரைந்தால் இந்தச் சோதனை பலிக்காது என்பதையும் சொல்ல வேண்டும். அப்போது விடைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு சுமார் 2 சதுரம்தான். எண்ணும்போது வரும் பிழையும் அதே அளவு. எனவே படம் பெரிதாக இருக்க வேண்டும்.

கணினி சொல்வதையும் சோதிக்க வேண்டும்

உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஜியோஜீப்ரா இருந்தால் இதைத் திரையிலும் காட்டலாம். உள்ளிட வேண்டியவை:

```
Curve((1+2cos(t); t), t, 0, 2pi)
Curve((1+2cos(t); t), t, 2pi/3, 4pi/3)
Integral((1+2cos(x))^2/2, 0, 2pi)
Integral((1+2cos(x))^2/2, -2pi/3, 2pi/3)
Integral((1+2cos(x))^2/2, 2pi/3, 4pi/3)
```

முதல் வரி முழு வளைவரையை வரையும். இரண்டாம் வரி உள்சுற்றை மட்டும் வரையும். அதற்கு வேறு நிறம் கொடுத்துவிட்டால், எந்தக் கோணங்களில் அது உருவாகிறது என்பதை மாணவர்கள் நேரிலேயே பார்த்துவிடுவார்கள். அடைப்புக்குறிக்குள் r-க்கும் கோணத்துக்கும் நடுவே காற்புள்ளி இட்டால், அவை x, y ஆயங்களாக எடுத்துக்கொள்ளப்பட்டு வேறு படம் வரும். துருவ ஆயங்களுக்கு அரைப்புள்ளிதான் இட வேண்டும்.

கடைசி மூன்று வரிகளில் θ-க்குப் பதிலாக x எழுதியிருக்கிறோம். அது பெயர் மாற்றம் மட்டுமே. கிடைக்கும் விடைகள் வரிசையாக 9.42, 8.88, 0.54. கணினி 9.42 என்று சொல்லிவிட்டதாலேயே 3π சரியாகிவிடாது என்பதை மாணவர்களிடம் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். கொடுத்த எல்லைகளுக்கு ஏற்பக் கூட்டுவதே அதன் வேலை. அந்த எல்லைகளுக்குள் வளைவரை ஓர் இடத்தை இரண்டு முறை சூழ்ந்திருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை.

r குறை எண் என்றாலே தவறா?

இவ்வளவும் கேட்ட மாணவர், "அப்படியானால் r குறை எண்ணாக வரும் பகுதியை எப்போதும் விட்டுவிட வேண்டும்" என்று ஒரு விதியை உருவாக்கிக்கொள்ள வாய்ப்புண்டு. அது சரியல்ல. r = cos 2θ என்பது நான்கு இதழ்கள் கொண்ட வளைவரை. அதில் இரண்டு இதழ்கள் r குறை எண்ணாக இருக்கும்போதுதான் உருவாகின்றன. ஆனால் அவை வேறெந்த இதழின் மேலும் விழுவதில்லை. தமக்கென்று தனி இடத்தில் விழுகின்றன. எனவே 0 முதல் 2π வரை தொகையிட்டால் கிடைக்கும் π/2 சரியான விடையே. குறை எண் பகுதியை விட்டுவிட்டால்தான் தவறு. பாதிப் பரப்பு காணாமல் போகும்.

r = cos 3θ-இல் நடப்பது இன்னொரு விதம். அதற்கு மூன்று இதழ்கள். 0 முதல் π வரையிலேயே மூன்றும் வரையப்பட்டுவிடும். 2π வரை போனால் ஒவ்வோர் இதழும் இரண்டு முறை வரையப்படும். எனவே 0 முதல் 2π வரை தொகையிட்டால் கிடைக்கும் π/2, உண்மையான பரப்பான π/4-இன் இரு மடங்கு.

ஆகவே பார்க்க வேண்டியது r-இன் குறியை மட்டும் அல்ல. புதிதாக வரையப்படும் பகுதி எங்கே விழுகிறது என்பதையும்தான். நான் மாணவர்களிடம் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்கச் சொல்கிறேன். எந்தக் கோணங்களில் r பூச்சியமாகிறது? அந்தக் கோணங்களுக்கு இடையே வரையப்படும் ஒவ்வொரு பகுதியும் படத்தில் எங்கே இருக்கிறது? ஏதாவது ஒரு பகுதி மற்றொன்றின் மேலோ உள்ளேயோ விழுகிறதா? முதல் கேள்விக்கான விடை எல்லைகளைத் தரும். அடுத்த இரண்டும், எந்தப் பகுதிகளைக் கூட்டுவது, எதை விடுவது, எதைக் கழிப்பது என்பதைத் தரும்.

மாணவர் இதைப் புரிந்துகொண்டாரா என்று பார்க்க r = 1 − 2 sin θ என்ற வளைவரையைக் கொடுங்கள். 1 − 2 sin θ = 1 + 2 cos (θ + 90°) என்பதால், இது நாம் பார்த்த அதே வளைவரை கடிகார முள் சுற்றும் திசையில் 90° திரும்பியது; சுற்றுகள் இப்போது கீழ்நோக்கி இருக்கும். r பூச்சியமாவது 30°-இலும் 150°-இலும். இவற்றுக்கு இடையே r குறை எண். எனவே உள்சுற்றின் எல்லைகள் π/6, 5π/6. பெரிய சுற்றுக்கு 5π/6-இல் தொடங்கி 13π/6 வரை செல்ல வேண்டும். திருப்பியதால் பரப்பு மாறாது, 8.88, 0.54 என்ற அதே எண்கள் வர வேண்டும். பழைய எல்லைகளையே மனப்பாடமாக இங்கேயும் இட்டவருக்கு அவை வராது. படத்தைப் பார்த்து எல்லைகளை எடுத்தவருக்கு வந்துவிடும்.